மூலம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: x² + 1 = 0 என்பதற்கு மூலமே இல்லை என்று வகுப்பில் படித்தோம். எல்லாப் பல்லுறுப்பிக்கும் மூலம் உண்டு என்கிறீர்களே, யாரை நம்புவது?
(ஒரு வாசகர், ஊர்காவற்றுறை)

பதில்: இரண்டும் மெய், முதலாவது மெய்யெண்களுக்கு மட்டும் மெய். சிக்கலெண் தளத்தில் மூலம் கட்டாயம் உண்டு என்பதற்கு லியூவில்லின் தேற்றம் போதும்: தளம் முழுவதும் வகையிடத்தக்க சார்பொன்றின் மட்டு எங்கும் M-ஐத் தாண்டாவிட்டால், அது மாறிலி. எந்தப் புள்ளியைச் சுற்றி R ஆரை வட்டம் வரைந்தாலும், அந்தப் புள்ளியில் பெறுதியின் மட்டு M/R-ஐ மிஞ்சாது. இது கோஷியின் சமனிலி. R-ஐ எவ்வளவும் பெரிதாக்கலாம். ஆகவே பெறுதி பூச்சியம்.

இனி, மாறிலியல்லாத பல்லுறுப்பி p எங்குமே பூச்சியமாகவில்லை என்று கொள்வோம். அப்போது 1/p தளம் முழுவதும் வகையிடத்தக்கது. தொலைவில் p பெருத்துக்கொண்டே போவதால் 1/p சிறுக்கிறது. உள்ளே எஞ்சும் மூடிய வட்டத்தட்டில் தொடர்ச்சியான சார்பு வரம்பு மீறாது. எனவே 1/p மாறிலி, p-யும் மாறிலி. முரண்பாடு!

"1/(x² + 1) எங்கும் 1-ஐத் தாண்டவில்லையே, அது மாறிலியா?" என்று மடக்குவீர்கள். மெய்க்கோட்டில் தாண்டாதுதான். கோட்டை விட்டுச் செங்குத்தாக ஏறுங்கள்: x-க்குப் பதில் 0.9i இட்டால் பெறுமானம் ஏறத்தாழ 5.3, 0.99i இட்டால் ஏறத்தாழ 50. i-ஐ நெருங்க நெருங்க வரம்பில்லாமல் ஏறும். அந்த i-தான் நீங்கள் தேடிய மூலம். ஆனால் பொதுவான p ஒன்றுக்கு மூலம் எந்த இடத்தில் என்று இந்த நிறுவல் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க நியூட்டன் முறை போன்ற வேறு வழிதான் வேண்டும்.