தாலி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்தல்: ஓர் ஆய்வு

கல்யாண வீட்டில் காலம் பின்னோக்கி ஓடுகிறது என்பதே இவ்வாய்வின் முடிபு. சான்றாக, கும்பகோணத்தில் ஓர் ஐயர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகையில் முகூர்த்தம் காலை 7.30 முதல் 9 வரை. அனுபவசாலிகள் 9 மணியை நம்புவதில்லை; 8.15க்குத் தாலி ஏறவேண்டும் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து கழிப்பார்கள்.

தாலிக்கு முன் கூறைப் புடவை. கன்னிகாதானம் ஆனதும் பெண் உள்ளே போய், ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டிக்கொண்டு வரவேண்டும். கட்டிவிடத் தெரிந்த மாமி கையில் இருந்தால் இருபது நிமிடம். இல்லையென்றால் நாதஸ்வரக்காரர் ராகத்தை நீட்டுவதை வைத்தே உள்நிலவரத்தை ஊகித்துக்கொள்ளலாம். அரைமணி கொடுப்போம்: பெண் 7.45க்கு உள்ளே போகிறாள். சங்கல்பம் தொடங்கிக் கன்னிகாதானம் முடிய முக்கால் மணி என்றால், மணையில் உட்காரவேண்டியது 7 மணிக்கு.

அதற்கு முன் மாலை மாற்றலும் ஊஞ்சலும். பாலும் பழமும் கொடுத்து, கலர் சாத உருண்டைகளைச் சுற்றிப் போட்டு, பாடத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் பாடி முடிக்க இன்னொரு முக்கால் மணி. ஆக 6.15. காசி யாத்திரைக்குக் கால் மணி போதும். மாப்பிள்ளை குடையும் தடியுமாக வாசல் தாண்டுவதற்குள் மாமனார் சமாதானப்படுத்திவிடுவார். 6 மணிக்குப் பெண்ணும் தயாராக இருக்கவேண்டும் என்றால், ஜடை அலங்காரத்துக்கு இரண்டு மணி, எண்ணெய்க் குளியலுக்கும் காப்பிக்கும் அரைமணி: எழுந்திருக்கவேண்டியது 3.30.

போக்குவரத்தைத் தனியே ஆராயவேண்டும். மாயவரத்திலிருந்து வேனில் வருவோருக்குச் சுமார் 35 கிலோமீட்டர், விடியற்காலையில் ஒருமணிப் பயணம். 6 மணிக்கு மண்டபத்தில் இறங்க 5 மணிக்குக் கிளம்பினால் போதும் என்பது கணிதம். "எல்லாரும் ஏறியாச்சா?" என்ற கேள்விக்கு அரைமணி, வழியில் டீக்கு கால் மணி என்பது அனுபவம். எனவே 4.15. அந்த வேனில் பெண்ணின் மாமா வருகிறார் என்பதைக் குறித்துக்கொள்க. மாலை மாற்றும்போது பெண்ணைத் தூக்கவேண்டியவர் அவர்தான். டீ இரண்டாவது ரவுண்டு போனால் தாமதம் வேனோடு நிற்பதில்லை. ஊஞ்சல், கன்னிகாதானம், கூறை என்று வரிசையாகத் தாலிவரை தள்ளும். 8.15 என்று வைத்துக்கொண்ட முக்கால் மணிச் சேமிப்பு இதற்காகத்தான்.

இவ்வளவும் கணக்கிட்ட பின்னும் ஓர் ஆள் விடுபட்டுப் போகிறார்: நாத்தனார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் போடவேண்டியவர் அவர். 8.15க்குப் பெண்ணின் பின்னால் பட்டுப் புடவையும் நீண்ட ஜடையுமாக அவர் நிற்கவேண்டும். காசி யாத்திரைக்கே வந்து நிற்கவேண்டியவர் என்பதால் அவர் அலங்காரமும் 6 மணிக்குள் முடியவேண்டும்; அதற்கு ஒருமணி. அலங்காரம் செய்யும் பெண்மணியோ மண்டபத்தில் ஒருவர்தான். ஆகவே மணப்பெண்ணின் 3.30, ஆய்வாளரின் ஆழ்ந்த வருத்தத்துடன், 2.30 எனத் திருத்தப்படுகிறது.