எந்தத் தோட்டத்து கோகோ?

கேள்வி: சாக்லேட் கம்பெனி இருப்பது ஐரோப்பாவில். சிறுவன் வேலை செய்வது ஐவரி கோஸ்ட்டில், யாரோ ஒரு விவசாயியின் தோட்டத்தில். இதில் கம்பெனியின் பொறுப்பு எங்கிருந்து வருகிறது?
– வாசகர், கரூர்

பதில்: வாங்குவதிலிருந்து வருகிறது. அந்த விவசாயி கம்பெனியின் ஆள் இல்லை, தோட்டமும் கம்பெனியுடையது இல்லை. ஆனாலும் அவர் காயவைக்கும் கோகோவின் ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வாங்குபவர்கள் சொல்ல முடிகிறது. சரக்கிலிருந்து 300 கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் வெட்டி, சரியாகப் புளித்திருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கமான சோதனை. கொட்டையின் உள்நிறம்வரை எட்டுகிற அதிகாரம், அந்தக் காயை அரிவாளால் உடைத்தது பத்து வயதுப் பையனா என்று கேட்கவும் எட்டும். கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. ஐ.நா. 2011இல் ஏற்ற வணிகமும் மனித உரிமையும் குறித்த நெறிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன: தீங்கை நீங்கள் நேரடியாகச் செய்யாவிட்டாலும், உங்கள் சரக்கோடு அது ஒட்டிக்கொண்டு வருகிறதென்றால், வாங்குபவர் என்ற செல்வாக்கைப் பயன்படுத்தி அதைத் தடுக்க முயல வேண்டும்.

கேள்வி: நடுவில் எத்தனை கை மாறுகிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தோட்டங்கள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஹெக்டேர்தான். விவசாயி கொட்டைகளை வாழை இலையில் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுப்பார்; அல்லது ஊர் ஊராக வந்து வாங்கும் இடைத்தரகரிடம் விற்பார். அங்கிருந்து ஏற்றுமதியாளரின் கிடங்கு, பிறகு அபிஜான் அல்லது சான் பெட்ரோ துறைமுகம், பிறகு கப்பல்.

சங்கத்தின் வழியே வரும் சரக்குக்கு உறுப்பினர் பட்டியல் இருக்கும். பல இடங்களில் தோட்டத்தின் எல்லையும் வரைபடத்தில் பதிவாகியிருக்கும். தரகர் வழியே வருவதற்குப் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. கிடங்கில் பல ஊர் மூட்டைகள் ஒன்றாகக் கலந்த பிறகு எது யார் வீட்டுச் சரக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. சிக்கலின் மையம் இந்தக் கிடங்குதான்.

கேள்வி: நீதிமன்றத்துக்கு யாருமே போகவில்லையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போனார்கள். சிறுவயதில் மாலி நாட்டிலிருந்து கடத்தப்பட்டு ஐவரி கோஸ்ட் தோட்டங்களில் அடிமை வேலை செய்ததாகச் சொன்ன ஆறு பேர், 2005இல் நெஸ்லே, கார்கில் முதலிய நிறுவனங்கள் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 16 ஆண்டு இழுத்தது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அமெரிக்க அலுவலகத்தில் பொதுவான வணிக முடிவு எடுத்தார்கள் என்பது மட்டும் அவர்கள் நாடிய சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப் போதாது என்று சொல்லிவிட்டது.

இரண்டாவது வழக்குதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மாலியைச் சேர்ந்த வேறு எட்டுப் பேர், 2021இல் ஏழு பெரிய நிறுவனங்கள் மேல், வேறொரு சட்டத்தின் கீழ் தொடுத்தது. 2024 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. இவர்கள் வேலை செய்த தோட்டங்களின் கோகோ இந்த நிறுவனங்களுக்குத்தான் போனது என்று போதுமான அளவுக்குக் காட்டவில்லை என்பது காரணம். யோசித்துப் பாருங்கள். அந்தத் தொடர்பைக் காட்டும் கணக்கு இருக்க வேண்டியது வாங்குகிறவர்களிடம். தோட்டத்தில் காய் உடைத்த பையனுக்கு மூட்டை எந்தக் கப்பலில் ஏறியது என்று எப்படித் தெரியும்? கணக்கு வைத்துக்கொள்ளாதவருக்கு அதுவே பாதுகாப்பாகிவிடுகிறது. இந்த ஓட்டையை அடைக்காத எந்தச் சட்டமும் அரைச் சட்டம்தான்.

கேள்வி: ஜெர்மனியில் கடுமையான சட்டம் வந்திருக்கிறதாமே?
– வாசகர், வேலூர்

பதில்: 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. நேரடியாகச் சரக்குக் கொடுப்பவர்களை நிறுவனம் ஆண்டுதோறும் ஆராய வேண்டும். அவர்களுக்கும் பின்னால் இருப்பவர்களிடம் தவறு நடப்பதாக உருப்படியான தகவல் கிடைத்தால்தான் அங்கே போய்ப் பார்க்கும் கடமை. கோகோவில் பிள்ளைகள் இருப்பது அந்தப் பின்வரிசையில்தான்.

கேள்வி: கம்பெனிகளே முன்வந்து வாக்குறுதி கொடுத்தார்களே, என்ன ஆயிற்று?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 2001இல் அமெரிக்க நாடாளுமன்றம் சாக்லேட்டுக்கு முத்திரைச் சட்டம் கொண்டுவரப் பார்த்தது. அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தன்னார்வ ஒப்பந்தம் வந்தது. அதை நிறைவேற்றக் கெடு 2005, தள்ளிப்போனது. 2010இல் புதிய இலக்கு வைத்தார்கள்: கொடிய வகைக் குழந்தை உழைப்பை 2020க்குள் 70 சதவீதம் குறைப்பது. 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் தன் கணக்கை வெளியிட்டது. ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் சேர்த்துக் கோகோ வேலையில் இருந்த பிள்ளைகள் 15.6 லட்சம்.

கேள்வி: பெற்றோரே பிள்ளையை வேலைக்கு வைத்தால் கம்பெனி என்ன செய்யும்?
– வாசகர், சிவகங்கை

பதில்: பெரும்பாலும் அப்படித்தான், கடத்தப்பட்ட பிள்ளைகள் சிறு பகுதியே. அறுவடைக்குக் கூலி ஆள் வைக்கக் காசில்லாத வீட்டில் பிள்ளை கையில் அரிவாள் போகிறது. அதனால் வருமானத்தைத் தொடாத எந்தத் திட்டமும் வெகுதூரம் போகாது. சிறிய தடைகளும் உண்டு. ஐவரி கோஸ்ட்டில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடும், மேலே படிக்க அந்தத் தாள் வேண்டும். அதை வாங்கித் தருவது பல நிறுவனங்களின் கண்காணிப்புத் திட்டங்களில் ஒரு வேலை. கோகோவுக்குக் கூடுதல் விலை கொடுப்பதோடு ஒப்பிட்டால் மலிவான உதவி, ஆனால் பலன் நிச்சயம்.

கேள்வி: பிள்ளைகள் வேலை செய்வது தெரிந்தால் உடனே வாங்குவதை நிறுத்திவிடலாமே?
– வாசகர், ஈரோடு

பதில்: பாகிஸ்தானின் சியால்கோட்டில் 2006இல் நைக்கி அப்படி நிறுத்தியது. கால்பந்து தைக்கும் வேலையை ஒப்பந்தக்காரர், மேற்பார்வை இல்லாத வீடுகளுக்கு அனுப்பினார் என்பது காரணம். ஆயிரக்கணக்கான பெரியவர்களின் வேலை கேள்விக்குறியானது. அப்பாவுக்கு வேலை போன வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போகாது. திருத்தக் கெடு கொடுத்து, கூடவே நின்று, அதற்கும் மசியாதவரை விடுவதுதான் முறை.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் அறிக்கை உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, கோவை

பதில்: முதலில் கூட்டல் கழித்தல். ஒரு சங்கத்தில் 500 விவசாயிகள், ஆளுக்கு 3 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு 450 கிலோ என்றால் மொத்தம் 675 டன். அந்தச் சங்கம் 1,000 டன் விற்றிருந்தால் மீதி 325 டன் பட்டியலில் இல்லாத தோட்டங்களிலிருந்து வந்திருக்கிறது. அங்கே எந்தக் கண்காணிப்பாளரும் கால் வைத்திருக்க மாட்டார்.

அடுத்தது, கண்டுபிடித்த பிள்ளைகளின் எண்ணிக்கை. கண்காணிப்பாளர் உள்ளூர்க்காரராக இருந்து, வீடு வீடாகப் போய், பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே பேசினால், இந்தப் பகுதியில் கட்டாயம் யாராவது அகப்படுவார்கள். 'எங்களிடம் ஒருவர்கூட இல்லை' என்று எழுதும் சங்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் தணிக்கைக்காரர் ஒரு பகல் பொழுதில் பார்ப்பது சுத்தமான தோட்டத்தை மட்டுமே. நாற்பது பிள்ளைகளைக் கண்டுபிடித்து எழுதிய சங்கத்திடமிருந்து அடுத்த ஆண்டும் அந்த நிறுவனம் வாங்கியதா என்றும் பாருங்கள். வாங்காமல் விட்டிருந்தால், பக்கத்துச் சங்கங்கள் இனி ஒருவரையும் கண்டுபிடிக்காது.