ஏரிக்கு பில் புத்தகம் கிடையாது

பழவேற்காடு ஏரியில் தண்ணீரின் உப்பளவு பார்ப்பது என் வேலை. சென்னையில் இருக்கும் ஒரு சிறு தொண்டு நிறுவனம் அதற்குச் சம்பளம் தருகிறது. மாதத்தில் ஒன்றிரண்டு முறை பொன்னேரி வரை ரயிலில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு பழவேற்காட்டில் இறங்கி, தெரிந்த மீனவர் படகில் ஏறி, ஏரியின் பல இடங்களில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துவர வேண்டும். உப்பளவு பார்ப்பது பத்து நிமிஷ வேலை. அதற்கு ஆன செலவைத் திரும்ப வாங்குவதற்குத்தான் பட்டப்படிப்பு வேண்டும்.

எங்கள் நிறுவனத்தின் செலவுக் கொள்கை பதினொரு பக்கம். அதில் எனக்கு வேண்டியது நாலே வரி. உள்ளூர்ப் பயணத்துக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய். சாப்பாட்டுக்கு 350. எந்தச் செலவும் 200 ரூபாயைத் தாண்டினால் பில் வேண்டும். ஊர் திரும்பிய ஏழு நாளுக்குள் க்ளைம் போட வேண்டும். அதன் பிறகு மேலதிகாரிக்கு மூன்று வேலை நாள், கணக்குப் பிரிவுக்குப் பத்து வேலை நாள். படிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. எழுதியவர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, கால் டாக்சியையும் சரவணா மெஸ்ஸையும் மனசில் வைத்து எழுதியிருக்கிறார் என்பது ஏரியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

போன ஜனவரியில் மூன்று நாள் பயணம். ஷேர் ஆட்டோ மூன்று நாளைக்கு 360. சாப்பாடு 840. கோட்டைக்குப்பத்தில் பெரியவர்களோடு பேசியபோது டீயும் பஜ்ஜியும் 240. படகு முதல் நாள் 1,000, இரண்டாம் நாள் 1,500. மூன்றாம் நாள் படகு கிடையாது, கரையோரமே நடந்தேன். ஆக மொத்தம் 3,940 ரூபாய். என் கைக்காசு. அட்வான்ஸ் கேட்டிருக்கலாம், அதற்குப் பத்து வேலை நாளுக்கு முன்னால் விண்ணப்பம் போட வேண்டும். பத்து நாள் கழித்துக் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று சொல்லத் தெரிந்தால் நான் ஏன் இந்த வேலையில் இருக்கிறேன்?

க்ளைம் போட்டேன். 1,200 ரூபாய் பாஸானது. ஆட்டோவும் சாப்பாடும் சில்லறை சில்லறையாக 200-க்குக் கீழே இருந்ததால் பிழைத்தன. டீ பஜ்ஜி ‘விருந்தோம்பல்’ என்ற தலைப்புக்குப் போய்விட்டது. அதற்கு இயக்குநரின் முன் அனுமதி வேண்டுமாம். படகு 2,500-க்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கேள்வி: “ஒரே படகு, ஒரே ஏரி. முதல் நாள் 1,000, மறுநாள் 1,500 ஏன்? பில் எங்கே?”

ஒரே படகு இல்லை என்பதுதான் விஷயம். பழவேற்காட்டுக் குப்பங்களில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் வலை கட்டும் நல்ல இடங்களை இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தன் முறை வந்த அன்றைக்கு யாராவது வலையை விட்டுவிட்டு என் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வருவாரா? என் வழக்கமான படகுக்கார அண்ணனுக்கு இரண்டாம் நாள் பாடு. “நாளைக்கு வா தம்பி, இன்னைக்கு எம் பாடு” என்று சொல்லிவிட்டார். வேறு ஊர்ப் படகைப் பிடித்தேன். முகத்துவாரத்தில் மணல் அடைத்து ஏரியில் தண்ணீர் வற்றியிருந்ததால் அந்தப் படகு நேராகப் போக முடியாமல் சுற்றிப் போனது. ஏரியே சராசரி இடுப்பளவு ஆழம்தான். கொஞ்சம் வற்றினால் படகு தரை தட்டும். அதனால் 500 ரூபாய் கூடுதல்.

இதையெல்லாம் கணக்குப் பிரிவு அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “அவருக்குப் பாடு இருந்தது, சரி சார். எனக்கு ஆடிட் இருக்கு. என் பாட்டை யார் பார்ப்பா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

படகுச் சவாரிக்கு டிக்கெட் கவுண்டர் இருக்குமே என்று இன்னொருவர் கேட்டார். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உல்லாசச் சவாரிக்குத் தடை. கவுண்டரும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. நான் போவது வலை போடுகிற படகு. அதில் இருப்பது வலை, ஐஸ் பெட்டி, ஒரு துடுப்பு. பில் புத்தகம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருஷம் நான் குறுக்குவழி ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தேன். பொன்னேரிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில், “எவ்ளோன்னு நீங்களே போட்டுக்குங்க சார்” என்று வெற்று பில்கள் மூன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மூன்று க்ளைமுக்கு வைத்தேன். மூன்றாம் மாதம் அந்த அம்மா கூப்பிட்டார். மூன்று பில்களையும் மேஜையில் வரிசையாக வைத்தார். எண் 214, 215, 216. “சார், அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் அந்தக் கடைல உங்களைத் தவிர யாருமே சாப்பிடலையா?” பிறகு பில்லையும் என் க்ளைம் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “கடைக்காரரும் நீங்களும் ஒரே ஸ்கூலா? ‘ழ’ ஒரே மாதிரி போடுறீங்க.” அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டினேன். போலி பில்லை அவர் காகிதத்தில் பிடிப்பதில்லை, வரிசையில் பிடிக்கிறார். அடுத்தடுத்த எண்கள், வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும் 195, 198, 199 என்ற தொகைகள், சில்லறையே இல்லாத முழு ரூபாய்கள், இவற்றைத்தான் முதலில் பார்ப்பாராம். 200 ரூபாய்க்கு மேல் பில் என்று கொள்கை வந்த மாதத்திலிருந்து எங்கள் அலுவலகத்தில் யாருமே 200-லிருந்து 250 வரை எதையும் வாங்கியதில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஆகவே இந்தத் தடவை நேர்வழி. படகுக்காரர் கையால் வவுச்சர் எழுதி வாங்குவது. மறுபடி ஊருக்குப் போய், படிவத்தை இரண்டு படகுக்காரர்களிடமும் நீட்டினேன். பெயர், தொகை, தேதி, காரணம், வண்டி எண், எங்கிருந்து எங்கே. வண்டி எண்ணில் நான் மாட்டிக்கொள்வேன் என்று அலுவலகம் நினைத்தது. பதிவு செய்த மீன்பிடிப் படகுகளுக்கு IND-TN என்று தொடங்கும் எண் உண்டு, பெருமையோடு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் அண்ணன் “தண்ணி பாக்க” என்று எழுதினார். ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும்போது அதைப் பார்க்கக் காசு கொடுத்து ஒரு ஆள் வருவது அவருக்கு இன்னும் புரியாத சங்கதி. எங்கிருந்து எங்கே என்பதற்கு “பழவேற்காட்டிலிருந்து பழவேற்காடு வரை” என்று எழுதினார். அதுவும் உண்மைதான்.

நான் 1,000, 1,500 ரூபாய் வவுச்சருக்கெல்லாம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் குறுக்கே கையெழுத்து வாங்கினேன். பல வருஷப் பழக்கம். 2004-லிருந்தே 5,000 ரூபாயைத் தாண்டினால்தான் ஸ்டாம்ப் தேவை என்று அப்புறம்தான் தெரிந்தது. இத்தனை காலம் அரசாங்கத்துக்கு நான் கொடுத்த ஒரு ரூபாய்களுக்கு யாரிடம் க்ளைம் போடுவது?

வவுச்சர் திரும்பி வந்தது. “புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்று. தூரம் பூஜ்யம்.” கூடவே, பணம் கொடுத்ததற்கு ஆதாரமாக யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட் கேட்டார்கள். அதற்குத்தானே காத்திருந்தேன். அனுப்பினேன். அரைமணி நேரத்தில் போன்.

“சார், வவுச்சர் 1,500. நீங்க அனுப்பினது 2,100.”

“ஆமாம்மா.”

“மீதி 600?”

“நண்டு.”

சற்று நேரம் சத்தமே இல்லை.

“பச்சை நண்டா?”

பச்சை நண்டுதான். வீட்டுக்கு வாங்கினேன். படகுக்காரர் பிடித்து வைத்திருந்தார், இரண்டு கணக்கையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அன்றைக்கு எனக்குப் புரிந்தது இது: போனில் அனுப்பிய பணம், கொடுத்தேன் என்பதற்குச் சாட்சி, எதற்குக் கொடுத்தேன் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஏரியையும் படகையும் பார்க்காத ஒருவர் நம்ப வேண்டுமானால் வவுச்சரும் ஸ்கிரீன்ஷாட்டும் ஒரே தொகையில் பொருந்தி நிற்க வேண்டும். அந்த அம்மாவின் பிடிவாதத்தில் இந்த ஒரு பங்கு நியாயம்.

மீதியை எதிர்க்க நான் மத்திய அரசு விதியைக் கொண்டுபோனேன். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு வந்த பயணப்படி விதியில், எட்டாம் நிலை வரையுள்ள ஊழியர்கள் உள்ளூர்ப் பயணத்துக்கு பில் இல்லாமலே, தாங்களே சான்றளித்து, வரம்புக்குள் வாங்கிக்கொள்ளலாம். க்ளைம் போட 2018-லிருந்து 60 நாள் அவகாசம். “அரசாங்கமே நம்புது மேடம்” என்றேன். “அப்ப அங்க சேர்ந்திருக்கலாமே சார்” என்றார். அதிலும் வண்டி எண் எழுதச் சொல்லியிருக்கிறது என்பதை அவர் கவனித்துவிட்டார்.

இத்தனைக்கும் நடுவே நாள்கள் ஓடின. கணக்குப் பிரிவுக்குப் பத்து வேலை நாள் என்றேன் அல்லவா? கொள்கையின் ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி, ‘முழுமையான க்ளைம் கிடைத்ததிலிருந்து’ என்று தொடங்குகிறது. அந்த ‘முழுமையான’தான் எங்கள் முகத்துவாரம். ஒரு கேள்வி விழுந்தால் மணல் அடைத்துக்கொள்ளும், நாள் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். மூன்று கேள்வி வந்தது, மூன்று தடவை முதலிலிருந்து. என் ஏழு நாளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. எட்டாம் நாள் வந்தால் க்ளைம் காலாவதி. கடைசியில் நாளைக்கு 600 என்ற வரம்பில் ஆட்டோ 120 போக மீதி 480 வீதம் இரண்டு நாளைக்கு 960 ரூபாய் வந்தது. பாக்கிப் படகுப் பணம் 1,540-ஐ இயக்குநர் விதிவிலக்காகக் கையெழுத்துப் போட்டார். டீ பஜ்ஜி 240 என் பங்களிப்பு. மொத்தம் 47 நாள்.

47 நாளை நான் குறை சொல்லக் கூடாது. இதே ஊரில் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டி உட்கார்ந்த டச்சுக் கம்பெனிக்காரர்கள் கணக்கெழுதிக் கப்பலில் அனுப்பி, நெதர்லாந்திலிருந்து பதில் வருவதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். ஆனாலும் அவர்கள் எழுதிய காகிதம் இன்னும் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் ஆவணங்களை 2003-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. கோட்டைதான் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் கொள்கையில் அரைப் பக்கம் கூடியது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூன்று படகுக்காரர்களிடம் விலை கேட்டு எழுதிவைக்க வேண்டும். முகத்துவாரம் திறந்திருந்தால் ஒரு விலை, அடைத்திருந்தால் ஒரு விலை. படகுக் காசு அந்த விலைக்குள் இருந்தால் வவுச்சர் போதும். பயணப் பாதை என்ற இடத்தில் இறங்கிய இடங்களைக் குறிக்கலாம். நண்டுக்குத் தனியாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று எழுதவில்லை. அந்த அம்மா வாயால் சொன்னார்.

போன மாதம் மறுபடி போயிருந்தேன். அட்வான்ஸ் வந்து சேரவில்லை. படகுக் காசு கொடுத்து முடித்ததும் போனிலும் ஒன்றுமில்லை, கையிலும் இல்லை. பொன்னேரி போக அண்ணனிடம் 200 ரூபாய் கடன் கேட்டேன். கொடுத்தார். கூடவே பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். இறால் வியாபாரியின் பாக்கி, ஐஸ் பாக்கி, யாருக்கு எந்த நாள் பாடு எல்லாம் அதில் இருந்தது.

“எழுதிக் குடு தம்பி. தேதி போடு. எதுக்குன்னு போடு. எங்கேருந்து எங்கேன்னும் போடு.”

எழுதினேன். வாங்கிப் படித்தார், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“ஸ்டாம்ப் ஒட்டலியா?”