பில்லில் ஒளிந்திருக்கும் இலங்கை

கேள்வி: மாதம் 530 ரூபாய் வரும் போஸ்ட்பெய்டு பில், இம்முறை 1003 ரூபாய். வெளிநாடே போகவில்லை, ஆனால் ரோமிங் கட்டணம் போட்டிருக்கிறார்கள். எப்படி?
– வாசகி, மதுரை

பதில்: தனுஷ்கோடி போனீர்களா அம்மா? நீங்கள் கரையில்தான் நின்றிருப்பீர்கள். உங்கள் போன் கடல் தாண்டியிருக்கும். அங்கே இலங்கை டவரின் சிக்னல் எட்டும். முன்பு எப்போதோ வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்துவிட்டு மூடாமல் இருந்தால், போன் அதைப் பிடித்துக்கொள்ளும். விவரப் பட்டியலில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். இத்தகைய பதிவுகள் அடுத்த மாத பில்லில் வருவதும் உண்டு.

இனி கணக்கு. 1003-ஐ 1.18-ஆல் வகுத்தால், 18 சதவீத ஜிஎஸ்டி கழிந்து 850 நிற்கும். வழக்கமான 530-ஐயும் அப்படியே வகுத்தால், உங்கள் திட்டம் 449. மீதி 401 எங்கே? பில்லில் ரோமிங் 252, 'மதிப்புக்கூட்டு சேவை' என்ற பெயரில் 99. இன்னும் 50 இடிக்கிறதல்லவா? அதுதான் சத்தமில்லாத திருடன்: மாத வாடகை 499 ஆகியிருக்கும். போன மாத பில்லை அருகில் வைத்து, திட்டத்தின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

திட்டத்தில் சேர்ந்த 6 மாதத்துக்குள் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பது டிராய் விதி. மதிப்புக்கூட்டு சேவைக்கும் உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். இரண்டையும் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக அந்த எண்தான் வேண்டும்.

ரோமிங்கை இன்றே மூடிவிடுங்கள்.