பிரியாணி என்ன, சாம்பிளா?

நல்லம்பள்ளியில் வெள்ளை போர்டு பைக்கில் பிரியாணி டெலிவரி செய்கிற தம்பி, பைக் இன்சூரன்ஸ் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியைப் படித்திருக்க மாட்டார். வாடகைக்கு ஓட்டக் கூடாது, சரக்கு ஏற்றக் கூடாது, பந்தயம் விடக் கூடாது என்று வரிசையாக இருக்கும். சரக்கில் மட்டும் சலுகை: சாம்பிளும் சொந்த லக்கேஜும் போகலாம்.

தொப்பூர்ப் பக்கம் லாரி உரசி பைக் நொறுங்குகிறது என்று வையுங்கள். விபத்தின்போது வண்டி எதற்காக ஓடியது என்று க்ளெய்ம் படிவம் கேட்கும். ‘டெலிவரி’ என்று எழுதினால் பணம் போச்சு. ‘சொந்த வேலை’ என்று எழுதினால், ஆர்டர் எடுத்த நிமிடத்தை ஆப் சாட்சி சொல்லும். ஆப் தரும் விபத்துக் காப்பீடோ பெரும்பாலும் ஆளுக்கு மட்டும்தான், பைக்குக்குக் கிடையாது.

சொந்தக் காரில் ஆப் சவாரி ஏற்றுபவருக்கும் இதே கதிதான். அடுத்தவருக்கு அடிபட்டால், நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்றுகூட உத்தரவு வரலாம்.

வழி உண்டு: பாலிசி எடுக்கும்போதே தொழிலை எழுத்தில் சொல்லி, அதற்கான காப்பீடு வாங்க வேண்டும். பிரீமியம் கூடும். அதை யார் கட்டுவது என்று ஆப்பைக் கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு ஐந்து ஸ்டார் கேட்கும்.