ஆணையில் ஒரு கணக்கு, ஆதாரில் ஒரு கணக்கு

காரைக்கால் கோவில்பத்தில் ஓய்வுபெற்ற கணக்கு எழுத்தர் திண்ணையில் சும்மா உட்கார முடியாது. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பது தெரிந்தால் போதும், மடியில் யாராவது பாஸ்புக்கை வைத்துவிடுவார்கள். "தம்பி, இதுல கவர்மெண்ட் பணம் எந்த வரி?" என்பதுதான் கேள்வி. நூற்றைம்பது ரூபாய் எஸ்.எம்.எஸ். கட்டணத்தைக் கழித்த வரியைக் காட்டி "இதுவா?" என்று கேட்பவர்களும் உண்டு.

இந்தக் கலையில் எங்கள் ஊருக்கு சீனியாரிட்டி அதிகம். ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போடுவதை நாட்டிலேயே முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்த்து எங்களைப் பிடித்தார்கள். தாத்ரா நகர் ஹவேலி அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தது. பிறகு நிதி ஆயோக்குக்காக ஆய்வாளர்கள் மூன்று இடத்திலும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். அரசுப் பதிவேட்டின்படி தவறிப்போன பரிமாற்றம் ஒரு சதவீதம்கூட இல்லை. மக்களைக் கேட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் "எங்களுக்கு வரலையே" என்றார்கள். யார் பொய் சொன்னது? இரண்டு தரப்புமே உண்மை சொல்லியிருக்க முடியும் என்பதுதான் வேடிக்கை. எப்படி என்று எதிர்வீட்டு அக்காவின் மகள் கதையில் பார்க்கலாம்.

பெண் நர்சிங் படிக்கிறாள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். அனுமதி ஆணையும் வந்துவிட்டது. பட்டியலில் அவள் பெயர், விண்ணப்ப எண், தொகை 7,000 ரூபாய், வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் சரி. அம்மா சிறுவயதில் ஆரம்பித்துக் கொடுத்த கணக்கு அது. பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் அதில் வட்டி பதினோரு ரூபாய் மட்டும் வந்திருந்தது.

"ஆர்டர்ல இந்தக் கணக்குதானே போட்டிருக்கு? அப்ப பணம் எங்கே போச்சு?" என்றார் அக்கா.

நியாயமான கேள்விதான். ஆனால் ஆணையில் அச்சாகும் கணக்கு எண் நாம் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தது. பணம் ஆதார் வழியாகப் போகிறதென்றால் அந்த எண் பணத்தோடு பயணம் செய்வதே இல்லை. துறை அனுப்புவது ஆதார் எண்ணையும் தொகையையும்தான். அது பி.எஃப்.எம்.எஸ். வழியாக என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்துக்குப் போகும். அங்கே மேப்பர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஓர் ஆதாருக்கு அதில் ஒரே ஒரு வங்கியின் பெயர்தான் இருக்கும். கணக்கு எண் இருக்காது. அந்த வங்கிக்குப் பணம் போனதும், தன்னிடமுள்ள எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதை வங்கியே தன் பதிவைப் பார்த்து முடிவு செய்யும். ஆக, கதவு எண்ணைப் பார்க்காமல், கடைசியாகக் காபி கொடுத்த வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிற தபால்காரர்தான் இந்த மேப்பர். கடைசியாக எந்த வங்கியில் "மானியம் இங்கே வரட்டும்" என்று ஒப்புதல் கொடுத்தோமோ, அந்த வங்கிதான் அதில் நிற்கும்.

இதை விளக்கினால் அக்காவுக்குக் கோபம். "பேங்க்ல போன வாரம்தானே கேட்டேன்? ஆதார் லிங்க் ஆயிருக்குன்னு சொன்னாங்களே!" அதுவும் உண்மைதான். நான்கு வங்கியில் கணக்கு இருந்தால் நான்கிலும் ஆதார் லிங்க் ஆகியிருக்கலாம், நான்கு பேரும் "ஆகியிருக்கு" என்று சத்தியம் செய்யலாம். அது ஆளை அடையாளம் காண. மானியம் விழுவதற்கான சீடிங் ஒரே ஒரு வங்கிக்குத்தான். ஆகவே கவுன்டரில் "லிங்க் ஆயிருக்கா" என்று கேட்கக் கூடாது, "என்.பி.சி.ஐ. சீடிங் இங்கே இருக்கா" என்று கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அக்கா போய், "எங்களுக்கு எம்.பி.சி. இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போகணும் என்று வழி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சரி, நாமே பார்ப்போம் என்று பெண்ணையும் போனையும் திண்ணையில் உட்காரவைத்தேன். myaadhaar.uidai.gov.in தளத்தில் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து உள்ளே போனால் Bank Seeding Status என்று ஒரு பெட்டி. தொட்டவுடன், உங்கள் ஆதார் வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்டது என்று முதலில் வாழ்த்துச் சொன்னது. எந்த வங்கியோடு என்றாலும் அதற்கு மகிழ்ச்சிதான். கீழே வங்கியின் பெயர், நிலை, கடைசியாக மாற்றிய தேதி. நிலை ஆக்டிவ். வங்கியின் பெயரைப் படித்ததும் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மாமா, இது காலேஜ் வாசல்ல குடை போட்டு உட்கார்ந்திருந்தாங்களே, அவங்க. கணக்கு ஆரம்பிச்சா தண்ணி பாட்டில் ஃப்ரீன்னாங்க."

"கையெழுத்து போட்டியா?"

"கை ரேகைதான் வச்சேன்."

தேதியைப் பார்த்தால் விண்ணப்பித்ததற்குப் பிந்தியது. அதனால்தான் விண்ணப்பத்தில் எல்லாம் சரியாக இருந்தும் பணம் வேறு பக்கம் திரும்பியது. அந்த பாட்டில் என் கண் முன்னால்தான் இருந்தது. அக்கா அதில் புளித்தண்ணீர் கரைத்து வைத்திருந்தார்.

இது தண்ணி பாட்டில் அளவில் மட்டும் நடக்கிற சங்கதி அல்ல. 2017-இல் சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்க்கப் போனவர்களின் பெயரில், அவர்களுக்குச் சரியாகத் தெரிவிக்காமலேயே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குகள் திறக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. லட்சக்கணக்கானோரின் எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் இ-கே.ஒய்.சி. உரிமத்தையே நிறுத்திவைத்தது. திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை சுமார் 190 கோடி. அத்தனை கோடியும் பதிவேட்டில் "வெற்றிகரமாக வரவு" என்றுதான் இருந்திருக்கும்.

எங்கள் ஏழாயிரமும் அப்படித்தான். பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டோம். வங்கி அதேதான், வரவு தேதியும் இருந்தது. அந்த வங்கியின் செயலியைத் திறந்து அந்தத் தேதிக்குப் போனால் 7,000. விவர வரியில் APB என்ற மூன்று எழுத்து. ஆதார் வழி வந்த பணத்துக்குப் பெரும்பாலும் வங்கிகள் இப்படித்தான் அடையாளம் போடும். தொகையும் பெயரும் ஆணையோடு பொருந்தின. தேதி மட்டும் ஆணைக்குச் சில வாரம் பின்னால் இருந்தது. ஆணை தேதியிலேயே பணம் விழும் என்று பாஸ்புக்கில் அந்த ஒரு நாளை மட்டும் தேடிவிட்டு அழுகிறவர்கள் அதிகம். இதில் ஒன்று சொல்லியாக வேண்டும்: கணக்கு எண் வழியாகவே பணம் அனுப்பும் திட்டங்களும் இருக்கின்றன. அங்கே மேப்பருக்கு வேலையில்லை. கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் பெயரும்தான் பேசும்.

பணம் இருக்கிற இடம் தெரிந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை: "அந்தக் கணக்கை இன்னைக்கே மூடு!" நான் தடுத்தேன். கணக்கை மூடினாலும் மேப்பரில் அந்த வங்கியின் பெயர் அப்படியே தங்கிவிட்டால், அடுத்த தவணை மூடிய கதவைத் தட்டிவிட்டுத் துறைக்கே திரும்பிப் போகும். முதலில் அம்மா ஆரம்பித்த கணக்குள்ள கிளையில் சீடிங் ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். முன்பு எந்த வங்கியில் இருந்தது, இனி எந்த வங்கிக்கு மாற வேண்டும் என்று இரண்டையும் அதில் எழுத வேண்டும். பிறகு அதே தளத்தில் வங்கியின் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அந்தக் குடைக் கணக்கை மூடலாம். இடையில் இன்னொரு குடைக்குக் கீழே கை ரேகை வைக்கக் கூடாது.

பெயர் மாறிவிட்டது. ஏழாயிரத்தை எடுக்கத்தான் சிரமம். அந்த வங்கிக்குக் கிளையும் இல்லை, பாஸ்புக்கும் இல்லை. கடைத்தெருவில் ரீசார்ஜ் செய்கிற தம்பிதான் ஏஜென்ட். "பணம் இருக்குக்கா, கையில கேஷ்தான் இல்ல. சாயங்காலம் வாங்க" என்றான். சாயங்காலம் ஐந்தாயிரம் கொடுத்தான். மீதியை வாங்கப் போகும்போது அக்கா தன் பாஸ்புக்கையும் எடுத்துப் போய், இதிலேயே ஒரு வரி பதிந்து கொடு என்று அவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.