இன்னொன்று எங்கே?

கேள்வி: நாக்பூரிலிருந்து வந்து சென்னையில் வேலை பார்க்கிறேன். தமிழ் நன்றாகவே புரிகிறது. நேற்று மேலாளர், "இன்னொரு ஃபைல் எங்கே?" என்று கேட்க, நண்பர் கையிலிருந்த ஃபைலையே நீட்டி, "அந்த இன்னொன்னுதான் சார் இது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஏன் சிரிப்பு வரவில்லை?

பதில்: உங்கள் தமிழில் குறையில்லை. 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தைப் பார்க்காததுதான் குறை! அதில் இரண்டு வாழைப்பழம் வாங்கி வரும்படி செந்திலை அனுப்புவார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொடுப்பார். இன்னொன்று எங்கே என்று எத்தனை முறை கேட்டாலும், கொடுத்த பழத்தையே காட்டுவார். உங்கள் நண்பர் ஃபைல் தயாராகவில்லை என்பதைச் செந்திலிடம் கடன் வாங்கிச் சொல்லித் தப்பித்திருக்கிறார்.

கேள்விக்குப் பொருந்தாத பதில், திடீரென்று மாறும் குரல், பேசி முடிக்கும் முன்பே சிரிப்பு... இவை சேர்ந்து வந்தால் பெரும்பாலும் சினிமாதான். அப்போது "என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள், அதுதான் உங்களுக்கே தெரியுமே! "எந்தப் படம்?" என்று கேளுங்கள். காட்சியையே நடித்துக் காட்டுவார்கள். அன்று ஃபைல் வேலை நடக்காவிட்டால் நான் பொறுப்பல்ல.